செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும் முன்: ஆர்.சி.யில் தொடங்கி ஓட்டிப் பார்ப்பது வரை

நாளைக்கு ஒரு பழைய பைக் பார்க்கப் போறேன். முதல்ல எதைப் பார்க்கணும்?

பேப்பரை. வண்டியைத் தொடுவதற்கு முன்பே. இன்ஜினில் கோளாறு இருந்தால் மெக்கானிக் சரிசெய்துவிடுவார். ஆர்.சி.யில் கோளாறு இருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. வண்டியைப் பார்த்து, ஏறி உட்கார்ந்து, ஒரு ரவுண்டு போய்வந்த பிறகு மனசு அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பேப்பரில் ஓட்டை தெரிந்தாலும் "பார்த்துக்கலாம்" என்றுதான் தோன்றும்.

நான் பின்பற்றும் வரிசை இதுதான்: பேப்பர், வண்டியில் பொறித்த நம்பர்கள், நின்ற நிலையில் வண்டி, ஆறிய இன்ஜின், கடைசியில் ஓட்டம். ஒரு கட்டம் தேறாவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

போன வருஷம் அக்கா மகனுக்காக ஒரு 100 சிசி பைக் பார்த்தோம். 2017-ல் பதிவானது, மீட்டரில் 19,000 கிலோமீட்டர், கேட்ட விலை 38,000 ரூபாய். அந்த வண்டியை வைத்தே பல கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அதில் கிட்டத்தட்ட எல்லாச் சிக்கலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

ஆர்.சி.யில என்னென்ன கவனிக்கணும்?

முதலில் வண்டி நம்பரை வாங்கி, வீட்டிலிருந்தே mParivahan ஆப்பிலோ parivahan.gov.in தளத்திலோ போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் சில எழுத்துகள் மறைத்துத்தான் வரும். ஆனால் பதிவு தேதி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடன் பதிவு ஆகியவை தெரிந்துவிடும். நிலுவையில் அபராதம் இருக்கிறதா என்று echallan.parivahan.gov.in தளத்தில் பார்க்கலாம்.

பிறகு நேரில் அசல் ஆர்.சி.யைக் கேளுங்கள். போனில் எடுத்த போட்டோ போதாது. விற்பவரின் ஆதாரில் உள்ள பெயரும் ஆர்.சி. பெயரும் ஒன்றா, அவர் எத்தனையாவது உரிமையாளர், பதிவு எப்போது முடிகிறது என்ற மூன்றையும் பாருங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு முதல் 15 வருஷத்துக்குத்தான். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2011-ல் பதிவான வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

லோன் எப்பவோ கட்டி முடிச்சாச்சுன்னு சொல்றார். ஆனா ஆர்.சி.யில இன்னும் ஃபைனான்ஸ் பேர் இருக்கு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாது. நாங்கள் பார்த்த வண்டியிலும் இதே கதைதான். அவர் பொய் சொல்லவில்லை. தவணை முடிந்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஆனால் கடன் முடிந்ததும் ஆர்.சி.யில் உள்ள பதிவு தானாகப் போய்விடும் என்று நினைத்து அப்படியே விட்டிருக்கிறார். அது தானாகப் போகாது.

கடன் கொடுத்த நிறுவனம் தடையில்லாச் சான்று தர வேண்டும். படிவம் 35-ல் நிறுவனமும் உரிமையாளரும் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தால்தான் அந்தக் கடன் பதிவு நீங்கும். அது நீங்காதவரை பெயர் மாற்றம் நின்றுவிடும். நீங்கள் முழுப் பணமும் கொடுத்துவிட்டால், அந்தப் பேப்பருக்காக அலைய வேண்டிய அவசரம் விற்றவருக்கு இருக்காது.

நாங்கள் 2,000 ரூபாய் மட்டும் முன்பணமாகக் கொடுத்தோம். சான்றும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகு மீதி என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவருக்கு அதை வாங்க இரண்டு வாரம் ஆனது. அதுவரை வண்டி அவர் வீட்டில்தான் நின்றது.

விக்கிறவர் பேர்ல ஆர்.சி. இல்லை. ஓனர் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார்ங்கிறார். வாங்கலாமா?

உரிமையாளரை நேரில் பார்க்கவோ போனில் பேசவோ முடிந்தால் மேலே யோசிக்கலாம். முடியாது என்றால் அந்த வண்டி வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்கு இரண்டு படிவங்கள் தேவை. விற்றதைத் தெரிவிக்கப் படிவம் 29, உரிமையை மாற்றக் கேட்டுப் படிவம் 30. புரோக்கர்கள் கையில் இவை தேதி போடாமல், வாங்குபவர் பெயர் இல்லாமல், கையெழுத்து மட்டும் போட்டு இருக்கும். நடுவில் இரண்டு மூன்று பேர் கைமாறியிருக்கலாம். அந்த இடைவெளியில் வண்டி எங்கே போனது, யார் ஓட்டினார் என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது.

உரிமையாளர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்றால் அது வேறு விஷயம். முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படிவம் 31. மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். இறந்தவர் பெயரில் யாரோ போட்ட கையெழுத்தோடு வரும் படிவத்தைத் தொடவே வேண்டாம்.

எங்க ஊர் கடலூர். புதுச்சேரி நம்பர் வண்டி அஞ்சாயிரம் குறைவா வருது. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அந்த ஐயாயிரம் லாபம் இல்லை. வேறு மாநிலப் பதிவு என்றால் அங்கிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும். வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். இந்த வேலைகளை முடித்துத் தருவதாக விற்பவர் சொன்னால் முடித்த பிறகு வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சு, நீங்களே போட்டுக்கோங்கன்னு சொல்றாங்களே?

போட்டுக்கொள்வது பெரிய செலவில்லை. பிரச்சினை ஓட்டிப் பார்ப்பதில் இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் நீங்கள் ஒரு கிலோமீட்டர் போகும்போது யாராவது குறுக்கே வந்து விழுந்தால், இழப்பீட்டுச் சுமை உங்கள் மேலும் உரிமையாளர் மேலும் விழும். நாங்கள் மூன்றாம் நபர் பாலிசியை அவரையே எடுக்கச் சொன்னோம். பாலிசி வந்த பிறகுதான் வண்டியை ரோட்டில் இறக்கினோம்.

2018 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக வாங்கிய டூவீலருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுத்திருப்பார்கள். "இன்சூரன்ஸ் இருக்கு" என்றால் அது மட்டுமா, வண்டிச் சேதத்துக்கும் சேர்த்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கியபின் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

சேஸிஸ் நம்பரைச் சரிபார்க்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கே இருக்கும், எப்படிப் பார்க்கிறது?

பைக்கில் பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே, முன் ஃபோர்க் திரும்பும் அந்தக் குழாயின் பக்கவாட்டில் பொறித்திருக்கும். இன்ஜின் நம்பர் இன்ஜின் உடம்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும். ஸ்கூட்டரில் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், விற்பவரையே காட்டச் சொல்லுங்கள்.

அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எழுத்துகளின் மேல் அழுத்திப் பிடித்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் நம்பர் அப்படியே பதியும். பிறகு ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடைசி நாலு எழுத்து சரியாக இருந்தால் போதும் என்று விடாதீர்கள்.

நம்பர் ஒத்துப்போனாலும் பொறித்த விதத்தைப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட், அரம் போட்ட கீறல், ஒரு எழுத்து மட்டும் சாய்ந்திருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். துரு ஏறி நம்பர் படிக்க முடியாமல் போவது கடலோர ஊர்களில் சகஜம். அது திருட்டு வண்டி என்று அர்த்தமில்லை, ஆனாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் இழுபடும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்க வேண்டும். சாதாரண பிளேட் மாட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில நேரம் அழகுக்காக மாற்றியிருப்பார்கள், சில நேரம் பழையது விபத்தில் உடைந்திருக்கும்.

கிலோமீட்டர் ரொம்பக் குறைவா காட்டுது. நம்பலாமா?

வகுத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தது எட்டு வருஷ வண்டி, 19,000 கிலோமீட்டர். அப்படியென்றால் ஒரு நாளைக்கு ஆறரை கிலோமீட்டர். விற்றவரோ தினமும் வேலைக்குப் போய்வரப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுவதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

மீட்டரை ஏமாற்றலாம், ரப்பரை ஏமாற்றுவது கஷ்டம். கியர் லிவரிலும் பின் பிரேக் பெடலிலும் கால் படும் இடம், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சாவித் துளையின் ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். 19,000 ஓடிய வண்டியில் ஃபுட்ரெஸ்ட் வரிகள் நன்றாகத் தெரிய வேண்டும். இதில் வழவழவென்று தேய்ந்திருந்தன. கேட்டதற்கு, மீட்டர் கேபிள் அறுந்து ரொம்ப நாள் மாற்றாமல் ஓட்டியதாக ஒத்துக்கொண்டார். ஏமாற்றும் எண்ணம் இல்லை, ஆனால் உண்மையான ஓட்டம் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் விலை பேசினோம்.

அடிபட்ட வண்டியா, வெள்ளத்துல நின்ன வண்டியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அடிபட்டதைக் கண்டுபிடிக்க, ஹேண்டிலை முழுதாக இடது பக்கமும் வலது பக்கமும் திருப்புங்கள். அது போய் முட்டி நிற்கும் சின்ன இரும்பு முனை ஃப்ரேமில் இருக்கும். முன்பக்கம் பலமாக மோதிய வண்டியில் அந்த முனை நசுங்கியிருக்கும், அல்லது சுற்றியுள்ள பெயின்ட் விரிந்திருக்கும். ஹெட்லைட் டூம், இண்டிகேட்டர், மட்கார்டு எல்லாம் புதிதாக மாற்றியிருப்பார்கள், இந்த முனையை யாரும் கவனிப்பதில்லை.

பிறகு பத்தடி பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பின் டயரும் முன் டயரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பின் டயரின் இரு பக்கமும் நூல் பிடித்து முன்னே இழுத்தால், முன் டயருக்கு இரு பக்கமும் இடைவெளி சமமாக வரும். சமமில்லை என்றால் முதலில் பின் வீலின் செயின் அட்ஜஸ்டர் இரு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தும் கோணல் என்றால் ஃப்ரேமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது.

வெள்ளம் வேறு மாதிரி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் முழுகின. கழுவி பாலீஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டைக் கழற்றி ஒயர்கள் கட்டாகப் போகும் இடத்தைப் பாருங்கள், வண்டல் மண் மாவு மாதிரி அங்கே ஒட்டியிருக்கும். ஹெட்லைட், மீட்டர் கண்ணாடிக்குள் நீர்க்கோடு தெரியும். ஒயர் கனெக்டரைப் பிரித்தால் பித்தளை முனையில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன். இன்ஜினைச் சரிசெய்துவிடலாம், ஒயரிங் ஒவ்வொரு மழைக்கும் உயிரை வாங்கும்.

இன்ஜின் ஆறி இருக்கும்போதுதான் பார்க்கணும்னு ஏன் சொல்றாங்க?

சூடான இன்ஜின் தன் குறைகளை மறைக்கும். நாங்கள் முதல் தடவை சாயங்காலம் போனபோது இன்ஜின் மேல் கை வைக்க முடியவில்லை. இப்போதுதான் கடைக்குப் போய்வந்தேன் என்றார். இருக்கலாம். மறுநாள் காலை ஆறரைக்கு வருகிறோம், ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை எடுங்கள். கறுப்பாக இருந்தால் ஆயில் மாற்றி நாளாகிவிட்டது, அவ்வளவுதான். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஏர்கூல்டு இன்ஜினில் கூலன்ட் கிடையாது, அதனால் அந்தத் தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்திருக்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்து பின்னால் நில்லுங்கள். காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக ஆவி வருவது ஒன்றுமில்லை, சைலென்சரில் தேங்கிய ஈரம். நீலச் சாயலுள்ள புகை வந்தால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல், செலவு தாங்கும். ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்க விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டிய வேலை. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டரையோ கார்புரேட்டரையோ பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சத்தத்திலும் இப்படித்தான். மேலே 'டிக் டிக்' என்று சீராக வருவது டாப்பெட், அட்ஜஸ்ட் செய்தால் போகும். பக்கவாட்டில் சங்கிலி உரசுவது போன்ற 'கரகர' டைமிங் செயின். அடியிலிருந்து 'டக் டக்' என்று கனமாக, ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து ஏறினால் அது கிராங்க். அப்போது வண்டியை ஆஃப் செய்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

டயர், செயின் எல்லாம் தேஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லணுமா?

வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, விலையில் கழிக்கலாம். டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரத்தில் செய்தது. எங்கள் வண்டியில் இரண்டு டயரும் 2017, பட்டன் கொஞ்சம் இருந்தது, ஆனால் ரப்பர் ஓரத்தில் பொரிந்திருந்தது. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லருகே பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல் பாதி தெரியும் அளவுக்கு விலகினால் செட் முடிந்தது.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்? பத்து நிமிஷத்துல என்ன தெரியும்?

நிறையத் தெரியும், வேகம் காட்டாமல் ஓட்டினால். லைசென்ஸும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஏறாதீர்கள்.

முதலில் கிளட்ச். நாலாவது கியரில் முப்பத்தைந்து கிலோமீட்டரில் போகும்போது ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று முறுக்குங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் பின்தங்கி வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. எங்கள் வண்டியில் இதுதான் நடந்தது. சமதளத்தில் லேசாகத்தான் தெரிந்தது, பாலம் ஏறும்போது சந்தேகமே இல்லை. அதனால் முடிந்தால் ஒரு ஏற்றம் உள்ள ரோட்டில் ஓட்டுங்கள்.

அடுத்தது கியர். இரண்டாவதில் நன்றாக இழுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் தாவினால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டிவரும். நேர் ரோட்டில் ஹேண்டிலை விடாமல் பிடியை மட்டும் தளர்த்தினால், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும். காலி இடத்தில் முன் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். ஹேண்டிலில் 'டொக்' என்று ஒரு அதிர்வு வந்தால், ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள கோன் செட் தேய்ந்தோ தளர்ந்தோ இருக்கும்.

திரும்பி வந்ததும் ஆஃப் செய்து, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறதா, ஐடிலில் நிற்கிறதா, தரையில் ஆயில் சொட்டு விழுகிறதா பார்த்துவிட்டால் முடிந்தது. ஸ்கூட்டருக்குக் கியர் இல்லாததால், நின்ற நிலையிலிருந்து மெதுவாகக் கிளம்பும்போது கவனியுங்கள். அந்த முதல் சில அடிகளில் வண்டியின் உடம்பு நடுங்கினால் கிளட்ச் ஷூவையும் அதன் டிரம்மையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் பார்த்தாச்சு. விலை எப்படிப் பேசுறது, பணம் கொடுத்ததும் என்ன செய்யணும்?

"கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கேட்பதைவிடப் பட்டியலை நீட்டுவது நல்லது. நாங்கள் மெக்கானிக்கிடம் விசாரித்து எழுதினோம்: இரண்டு டயர் 3,400, செயின் செட் 1,400, கிளட்ச் பிளேட் கூலியோடு 900, மொத்தம் 5,700 ரூபாய். கேட்ட 38,000-ல் கழித்தால் 32,300. மீட்டர் விஷயத்தை அவரே ஒத்துக்கொண்டதால் அதற்குமேல் அவரால் வாதாட முடியவில்லை. 33,000-க்கு முடிந்தது, முன்பணம் 2,000 போக மீதியை வங்கி வழியாகக் கொடுத்தோம்.

சாவி வாங்கிய நாளில் தேதியும் நேரமும் போட்டு ஒரு டெலிவரி நோட் எழுதுங்கள், இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பிரதி. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். விற்றவர் அசிரத்தையாக இருந்தால் ஒன்றை எடுத்துச் சொல்லலாம். வண்டியை விற்றுவிட்டாலும் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் விற்பனையாளரிடம் இதைச் சொன்னதும், அடுத்த திங்கட்கிழமை காலை எங்களுக்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றார்.